பட்டியலில் இருந்தவர்களும் பதில் அனுப்பியவர்களும்: 1936 தேர்தல் கணிப்பை ஒரு வகுப்பு மதிப்பிட்ட நிகழ்வு ஆய்வு

பின்னணி

முதுகலைச் சமூகவியல் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் ஆய்வு முறையியல் தாள் நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் மாதிரி எடுத்தல் பகுதி முடிந்ததும், ஒரு வாசிப்பைக் கொடுத்து, அதில் உள்ள மாதிரியும் அதை எடுத்த முறையும் அந்த வாசிப்பின் முடிவுகளைத் தாங்குகின்றனவா என்று இரண்டு பக்கங்களில் மதிப்பிடச் சொல்வது வழக்கம். இங்கே பதிவு செய்வது அப்படி ஒரு பருவத்தில் நடந்தது. வகுப்பில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கல்லூரிக்கு வருமுன் இரண்டு ஆண்டுகள் வீடுவீடாகச் சென்று வினாப்படிவம் நிரப்பும் கள வேலை பார்த்தவர். அவருடைய அந்த அனுபவம் பின்னால் முக்கியமாகிறது.

கொடுத்த வாசிப்பு, 1936ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலைத் தவறாகக் கணித்த ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழின் கதையைச் சொல்லும் ஒரு பாடநூல் அத்தியாயம். ஆய்வு முறையியல் படித்தவர்கள் பெரும்பாலோர் ஏதோ ஒரு வடிவில் கேட்டிருக்கும் கதைதான் இது. இந்த இதழ் 1920 முதல் 1932 வரை நடந்த நான்கு தேர்தல்களிலும் வென்றவரைச் சரியாகச் சொல்லியிருந்தது. 1936இல் தொலைபேசிப் புத்தகங்கள், கார் பதிவுப் பட்டியல்கள் போன்றவற்றிலிருந்து பெயர்களைத் திரட்டி, சுமார் 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. 23,76,523 சீட்டுகள் திரும்பி வந்தன. அவற்றில் 12,93,669 பேர் குடியரசுக் கட்சியின் ஆல்ஃப் லேண்டனுக்கும், 9,72,897 பேர் அப்போதைய அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கும் ஆதரவு தெரிவித்திருந்தார்கள். லேண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. தேர்தலில் ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 விழுக்காடு வாக்குகள் பெற்றார். லேண்டனுக்கு மெய்ன், வெர்மான்ட் ஆகிய இரண்டு மாநிலங்கள் மட்டுமே கிடைத்தன.

அத்தியாயம் இந்த நிகழ்விலிருந்து இரண்டு முடிவுகளை எடுக்கிறது. முதலாவது, தொலைபேசியும் காரும் வைத்திருந்த வசதி படைத்தவர்களின் பட்டியலைப் பயன்படுத்தியதால்தான் கணிப்பு பொய்த்தது என்பது. இரண்டாவது, அதே தேர்தலில் கருத்துக் கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் சுமார் 50,000 பேரை மட்டும் கொண்டு ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சொன்னது, சமவாய்ப்பு மாதிரி முறையின் வெற்றியைக் காட்டுகிறது என்பது.

முதல் சுற்றில் கண்டவை

வந்த பதினெட்டு விடைகளில் பதினேழு ஏறக்குறைய ஒரே விடையாக இருந்தன. மாதிரி பெரியது, ஆனால் பட்டியல் பணக்காரர் பக்கம் சாய்ந்தது, ஆகவே முடிவு தவறு. கேலப்பின் மாதிரி சிறியது, ஆனால் அறிவியல் முறையில் எடுத்தது, ஆகவே முடிவு சரி. நடை ஆளுக்கு ஆள் வேறுபட்டதே தவிர, சிந்தனை எல்லாம் அத்தியாயத்திலிருந்து எடுத்ததுதான். டைஜஸ்ட்டின் முடிவை அவர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். அத்தியாயத்தின் முடிவுகளை ஒருவரும் தொடவில்லை. வாசிப்புக்குள் இரண்டு ஆய்வாளர்கள் பேசுகிறார்கள் என்பதையே அவர்கள் கவனிக்கவில்லை. 1936இல் கணித்த இதழ் ஒருவர் என்றால், அந்தக் கணிப்பு ஏன் பொய்த்தது என்று விளக்கும் நூலாசிரியர் இன்னொருவர். அவரும் ஒரு முடிவை முன்வைக்கிறார். அதற்கும் சான்று வேண்டும்.

பதினெட்டாவது விடை கள வேலை பார்த்த மாணவியுடையது. ஒன்றரைப் பக்கம்தான் இருந்தது; கேலப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நடுவில் ஒரு பத்தியில் இப்படி எழுதியிருந்தார்: ‘ஒரு கோடிப் பேருக்கு அனுப்பியதில் இருபத்து நான்கு லட்சம்தான் வந்திருக்கிறது. வராத எழுபத்தாறு லட்சம் பேர் யார் என்று அத்தியாயத்தில் இல்லை. அது தெரியாமல், பட்டியல்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?’ வினாவுக்கு முழு விடை தரவில்லை என்று நான் அதற்கு முதலில் குறைந்த மதிப்பெண் போட்டிருந்தேன். மறுநாள் வேறொரு விடையைத் திருத்தும்போது அந்தப் பத்தி நினைவுக்கு வந்தது. திரும்ப எடுத்து வாசித்தபோதுதான், வகுப்பிலேயே கேட்கப்பட வேண்டிய கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான் என்பது புரிந்தது.

வகுப்பில் அவரிடம் அந்தக் கேள்வி எப்படித் தோன்றியது என்று கேட்டேன். ‘மேடம், நாங்க லிஸ்ட்டை வெச்சுக்கிட்டுத்தான் தெருவுக்குள்ள போவோம். ஆனா பகல்ல போனா பாதி வீடு பூட்டியிருக்கும். பூட்டின வீட்டுக்காரங்க எல்லாம் வேலைக்குப் போறவங்க. திறந்த வீட்டை மட்டும் எழுதிட்டு வந்தா, அந்தத் தெருவுல வேலைக்குப் போறவங்களே இல்லைங்கிற மாதிரி ஆயிடும்’ என்றார். பட்டியல் சரியாக இருந்தாலும் மாதிரி சாயும் என்பதை அவர் எந்த நூலிலிருந்தும் கற்கவில்லை.

எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

மதிப்பெண்களை வெளியிடாமல் விடைகளைத் திருப்பிக் கொடுத்து, இன்னும் இரண்டு வகுப்புகளை இதற்கே ஒதுக்குவது என்று முடிவு செய்தேன். பாடத்திட்டத்தில் பின்தங்குவோம் என்ற தயக்கம் இருந்தது. ஆனால் பதினேழு பேர் ஒரே இடத்தில் தவறும்போது அந்தத் தவறு மாணவர்களுடையது மட்டும் அல்ல. என் வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். ‘டைஜஸ்ட் கணிப்பு ஏன் பொய்த்தது? மாதிரியின் அடிப்படையில் மதிப்பிடுக’ என்று இருந்தது. ஏன் பொய்த்தது என்று கேட்டால் அத்தியாயம் சொல்லும் காரணத்தைத் திருப்பிச் சொல்வதுதான் இயல்பான விடை. மதிப்பீடு என்ற சொல் வினாவில் இருந்தும், வினாவின் அமைப்பு மதிப்பீட்டுக்கு இடமே தரவில்லை.

அடுத்த வகுப்பில் வாசிப்பிலிருந்து மூன்று கூற்றுகளைப் பிரித்தெடுத்துக் கரும்பலகையில் எழுதினேன்: டைஜஸ்ட்டின் கணிப்பு, கணிப்பு பொய்த்ததற்கு அத்தியாயம் சொல்லும் காரணம், கேலப்பைப் பற்றி அத்தியாயம் சொல்வது. ஒவ்வொன்றுக்கும் ஒரே வரிசையில் கேள்விகள் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். இந்தக் கூற்று யாரைப் பற்றியது? தரவு யாரிடமிருந்து வந்தது? அவர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்? தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் யார் விடுபட்டுப் போனார்கள்? விடுபட்டதற்கும் நாம் அளக்கும் பொருளுக்கும் தொடர்பு உண்டா? கடைசிக் கேள்விதான் கடினமானது. பல மதிப்பீடுகள் அதை எட்டாமலே நின்றுவிடுகின்றன.

முதல் கூற்று: அளவு எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது

டைஜஸ்ட்டின் கணிப்பை நாங்கள் கணக்கிலிருந்து தொடங்கினோம். இருபத்து நான்கு லட்சம் பேர் உண்மையான சமவாய்ப்பு மாதிரியாக இருந்திருந்தால் தற்செயல் பிழை எவ்வளவு இருக்கும் என்று மாணவர்கள் தாளில் போட்டுப் பார்த்தார்கள்.

```
1.96 × √(0.5 × 0.5 / 2376523) ≈ 0.0006
```

அதாவது விழுக்காட்டில் 0.06 புள்ளி. ஆனால் திரும்பி வந்த சீட்டுகளில் ரூஸ்வெல்ட்டின் பங்கு 41 விழுக்காடு. தேர்தலில் பெற்றது 61 விழுக்காடு. இடைவெளி 20 புள்ளிகள். கணக்கு அனுமதித்த பிழையைப் போல முந்நூறு மடங்குக்கும் மேல். இந்த எண்ணைப் பார்த்ததும் வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. மாதிரியின் அளவு தற்செயல் பிழையை மட்டுமே குறைக்கும். மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அளவு கூடக்கூட அந்தச் சாய்ந்த எண்ணையே மேலும் துல்லியமாகக் காட்டும்.

இதை உறுதிப்படுத்தும் ஒரு சான்று அந்தக் காலத்திலேயே இருந்தது. டைஜஸ்ட் தன் சீட்டுகளை அனுப்பத் தொடங்குமுன்பே, கேலப் அதே வகைப் பட்டியல்களில் இருந்தவர்களுக்குச் சுமார் 3,000 அஞ்சலட்டைகளை அனுப்பி, டைஜஸ்ட் என்ன முடிவுக்கு வரும் என்பதை முன்கூட்டியே அறிவித்தார். லேண்டன் வெல்வார் என்று இதழ் சொல்லும் என்றார்; அப்படியே நடந்தது. ஒரு கோடிச் சீட்டு அனுப்பிக் கிடைத்த தவறான விடையை மூவாயிரம் அட்டைகளே தந்துவிட்டன. முறைதான் விடையை உண்டாக்கியது, எண்ணிக்கை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

முதல் கூற்றைப் பொறுத்தவரை வகுப்பில் கருத்து வேறுபாடு இல்லை. மாதிரி அந்த முடிவைத் தாங்கவில்லை.

இரண்டாவது கூற்று: பட்டியலா, மறுமொழியின்மையா

நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் சென்றது. கணிப்பில் பங்கேற்பதற்கு ஒருவர் இரண்டு வாசல்களைக் கடக்க வேண்டியிருந்தது. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். வந்த சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்பவும் வேண்டும். முதல் வாசலில் நேரும் சாய்வு மாதிரிச் சட்டகத்தின் குறை. இரண்டாவது வாசலில் நேர்வது மறுமொழியின்மை. அத்தியாயம் முதல் வாசலை மட்டுமே பேசுகிறது. இறுதியில் கையில் இருப்பது இரண்டு வாசலையும் கடந்து வந்த சீட்டுகள் என்பதால், அந்தச் சீட்டுகளை மட்டும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் சாய்வு எந்த வாசலில் நேர்ந்தது என்பதைக் கண்டுபிடிக்க முடியாது. கேலப்பின் மூவாயிரம் அட்டைகளும் இங்கே உதவா. அவையும் அதே பட்டியலுக்கு, அதே அஞ்சல் வழியே போனவை. இரண்டு குறைகளையும் ஒருசேரப் படியெடுத்த சோதனை அது.

ஆகவே வாசல்களில் ஒன்றைத் திறந்து வைத்து மற்றொன்றை மட்டும் சோதிக்கும் ஒரு நிலைமை வேண்டும். அதிர்ஷ்டவசமாக அப்படி ஒன்று டைஜஸ்ட்டின் கணிப்புக்குள்ளேயே இருந்தது. சிகாகோ நகரில் இதழ் தொலைபேசி, கார் பட்டியல்களை நம்பி நிற்கவில்லை. பதிவு செய்த வாக்காளர்களில் மூன்றில் ஒருவருக்குச் சீட்டு அனுப்பியது. வசதி படைத்தவர்களின் பட்டியல் என்ற குற்றச்சாட்டு அங்கே பொருந்தாது. ஆனால் சுமார் 20 விழுக்காட்டினரே பதில் அனுப்பினார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் லேண்டன் பக்கம் நின்றார்கள். அதே நகரில் தேர்தல் நாளன்று ரூஸ்வெல்ட்டுக்கு விழுந்தவை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள். நல்ல பட்டியல் இருந்தும் கணிப்பு சாய்ந்தது.

இதைக் கரும்பலகையில் எழுதியபோது, அதுவரை அத்தியாயத்தை விட்டுக்கொடுக்காமல் வாதாடிக்கொண்டிருந்த ஒரு மாணவர், ‘அப்போ லிஸ்ட்டுல தப்பே இல்லையா மேடம்?’ என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. சிகாகோ, இரண்டாவது வாசல் மட்டுமே சாய்வை உண்டாக்கப் போதுமானது என்று காட்டுகிறது. நாட்டின் பிற பகுதிகளில் முதல் வாசல் ஒன்றும் செய்யவில்லை என்று அது காட்டவில்லை. ஒரு நகரத்தின் சான்றைக் கொண்டு அவ்வளவு தூரம் போனால், மாதிரிக்கு மீறிய முடிவு எடுத்த அதே தவற்றை நாமும் செய்தவர்களாவோம்.

அடுத்த வகுப்பில், பெவரில் ஸ்குவயர் என்ற அரசியல் அறிவியலாளர் 1988இல் வெளியிட்ட மறு ஆய்வின் எண்களைக் கொண்டு வந்தேன். தேர்தலுக்கு அடுத்த ஆண்டு, 1937இல், கேலப்பின் நிறுவனம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. டைஜஸ்ட்டின் சீட்டு உங்களுக்கு வந்ததா, அதைத் திருப்பி அனுப்பினீர்களா, தேர்தலில் யாருக்கு வாக்களித்தீர்கள் என்ற கேள்விகள் அதில் இருந்தன. ஸ்குவயர் அந்தப் பழைய தரவை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். சீட்டு வரவில்லை என்றவர்களில் 71 விழுக்காட்டினர் ரூஸ்வெல்ட்டுக்கு வாக்களித்ததாகச் சொன்னார்கள். சீட்டு வந்தது என்றவர்களில் அது 55 விழுக்காடு. அப்படி வந்தவர்களுக்குள், திருப்பி அனுப்பினேன் என்றவர்களில் 48 விழுக்காடு. அனுப்பவில்லை என்றவர்களில் 69 விழுக்காடு.

இரண்டு வாசல்களிலும் ரூஸ்வெல்ட் ஆதரவாளர்கள் உதிர்ந்திருப்பது இதில் தெரிகிறது. ஆனால் முதல் வாசலைக் கடந்தவர்களிலும் பெரும்பான்மை ரூஸ்வெல்ட் பக்கம்தான் இருந்தது. சீட்டு கிடைத்த அனைவரும் பதில் அனுப்பியிருந்தால், டைஜஸ்ட் அவருடைய வாக்குப் பங்கைக் குறைத்து மதிப்பிட்டிருக்குமே தவிர, வென்றவரை மாற்றிச் சொல்லியிருக்காது. தொலைபேசி, கார் இரண்டும் வைத்திருந்தவர்களைத் தனியாக எடுத்தபோதும் 55 விழுக்காட்டினர் ரூஸ்வெல்ட்டுக்கே வாக்களித்ததாகச் சொல்லியிருந்தார்கள். பணக்காரர் பட்டியல் என்ற விளக்கம் மட்டும் உண்மையாக இருந்தால் இந்த எண் 50க்குக் கீழே இருந்திருக்க வேண்டும்.

மறு ஆய்வின் மாதிரியையும் அதே கேள்விகளால் சோதித்தது

இந்த இடத்தில் வகுப்பு முடிந்ததாக நினைத்துப் பலர் நோட்டை மூடிவிட்டார்கள். அத்தியாயத்தை நம்பியது போலவே இப்போது ஸ்குவயரை நம்பத் தயாராகிவிட்டார்கள் என்பதை உணர்ந்து, 1937 கணக்கெடுப்புக்கும் அதே ஐந்து கேள்விகளைக் கேட்கச் சொன்னேன்.

இரண்டு பொருத்தமின்மைகள் வெளிவந்தன. இரண்டையும் மாணவர்களே கண்டார்கள். சீட்டு வந்தது என்றவர்கள் ஏறத்தாழ 780 பேர், வரவில்லை என்றவர்கள் ஏறத்தாழ 1,340 பேர். 55 விழுக்காட்டையும் 71 விழுக்காட்டையும் இந்த விகிதத்தில் சேர்த்தால் மொத்தத்தில் 65 விழுக்காட்டினர் ரூஸ்வெல்ட்டுக்கு வாக்களித்ததாக ஆகிறது. தேர்தலில் அவர் பெற்றது 61. வென்றவருக்கே வாக்களித்தேன் என்று தேர்தலுக்குப் பின் சொல்லும் பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. அந்தக் காலக் கேலப் கணக்கெடுப்புகள், ஒவ்வொரு பிரிவிலும் இத்தனை பேர் என்ற ஒதுக்கீட்டு முறையில் ஆட்களைத் தேர்ந்தவை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மற்றொன்று இன்னும் கூர்மையானது. சீட்டு வந்ததாகச் சொன்னவர்களில் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் அதைத் திருப்பி அனுப்பியதாகச் சொன்னார்கள். உண்மையில் திரும்பி வந்தவையோ நூற்றுக்கு 24 மட்டுமே. அனுப்பாதவர்களில் பலர் அனுப்பியதாகச் சொல்லியிருக்கிறார்கள், அல்லது சீட்டு வந்ததையே மறந்தவர்கள் அனுப்பாதவர்களாகவே இருந்திருக்கிறார்கள்.

அப்படியானால் இந்தச் சான்றையும் தள்ளிவிட வேண்டுமா என்று கேட்டேன். விவாதம் நீண்டது. பிழை எந்தத் திசையில் தள்ளும் என்று யோசிக்கச் சொன்னதும் தெளிவு பிறந்தது. அனுப்பாமலே அனுப்பினேன் என்றவர்கள் உண்மையான அனுப்பாதவர்களைப் போன்றவர்கள் என்றால், அவர்கள் அனுப்பினோர் கூட்டத்துக்குள் கலந்து அங்கே ரூஸ்வெல்ட்டின் பங்கை உயர்த்தியிருப்பார்கள். உண்மையில் வந்த சீட்டுகளில் அவர் பங்கு 41. அனுப்பினேன் என்றவர்களிடம் அது 48. எதிர்பார்த்த திசையில்தான் இடைவெளி இருக்கிறது. ஆகவே, இரண்டு கூட்டங்களுக்கும் இடையிலான 21 புள்ளி வேறுபாடு மிகைப்படுத்தியது அல்ல, குறைத்துக் காட்டியது என்று கொள்வதே பொருத்தம். ஆனால் பட்டியல் எத்தனை புள்ளி, மறுமொழியின்மை எத்தனை புள்ளி என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு இந்த மாதிரி வலுவானது அல்ல. இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துச் சொல்ல முடிந்தால்தான் அது மதிப்பீடு. ஒன்றை மட்டும் சொல்வது பக்கம் சேர்வது.

மூன்றாவது கூற்று

கேலப்பைப் பற்றிய கூற்றுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. அவர் பயன்படுத்தியது சமவாய்ப்பு மாதிரி அல்ல, ஒதுக்கீட்டு மாதிரி. இத்தனை ஆண்கள், இத்தனை பெண்கள், இந்த வருமானப் பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை கொடுத்துவிட்டு, அந்த எண்ணிக்கைக்குள் யாரைப் பிடிப்பது என்பதைக் களப்பணியாளரின் விருப்பத்துக்கு விட்டுவிடுவது அதன் வழி. அவர் ரூஸ்வெல்ட்டுக்குச் சுமார் 56 விழுக்காடு என்று சொன்னார்; கிடைத்தது 61. ஐம்பதாயிரம் பேர் சமவாய்ப்பு மாதிரியாக இருந்திருந்தால் பிழை அரைப் புள்ளிக்குள் நின்றிருக்கும். வென்றவரைச் சரியாகச் சொன்னது உண்மை. ஆனால் போட்டி அவ்வளவு ஒருதலைப்பட்சமாக இருந்ததால் ஐந்து புள்ளிப் பிழை வெளியே தெரியவில்லை. 1948இல், போட்டி நெருக்கமானபோது, கேலப்பும் டூயி வெல்வார் என்று சொன்னார், வென்றவர் ட்ரூமன். ஒரே ஒரு தேர்தலில் விடை சரியாக வந்ததைக் கொண்டு முறையைச் சரி என்று சொன்ன அத்தியாயத்தின் முடிவு நிற்கவில்லை. டைஜஸ்ட்டும் 1932இல் ரூஸ்வெல்ட்டின் வாக்குப் பங்கை மிக நெருக்கமாகச் சொல்லியிருந்தது என்பதை ஒரு மாணவி இங்கே நினைவூட்டினார். பொருத்தமான நேரத்தில் வந்த நினைவூட்டல்.

விளைவு

இரண்டாம் முறை எழுதிவந்த விடைகளில் பெரும்பாலானவை மூன்று கூற்றுகளையும் தனித்தனியாக எடுத்து, எது தாங்குகிறது, எந்த அளவுக்கு என்று எழுதியிருந்தன. கள வேலை பார்த்த மாணவியின் முதல் விடைக்கான மதிப்பெண்ணை நான் திருத்தினேன். காரணத்தையும் வகுப்பில் சொன்னேன்.

எதிர்பாராத ஒரு விளைவும் இருந்தது. மூன்று பேர் மறுகோடிக்குப் போய், பதிலளிக்காதவர்கள் இருக்கும் எந்த ஆய்வையும் நம்ப முடியாது என்று எழுதிவிட்டார்கள். இது வாசிப்பை மதிப்பிடுவது அல்ல. எல்லா ஆய்வுக்கும் ஒரே தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைப்பது. அவர்களை அழைத்து, எல்லைகளைக் கணக்கிடச் சொன்னேன். டைஜஸ்ட்டுக்கு வந்த 24 விழுக்காட்டுப் பதில்களில் 41 விழுக்காடு ரூஸ்வெல்ட் என்றால், அது சீட்டு பெற்ற அனைவரிலும் சுமார் 10 விழுக்காடு. வராத 76 விழுக்காட்டில் ஒருவர்கூட அவர் பக்கம் இல்லை என்றால் விடை 10. எல்லோரும் அவர் பக்கம் என்றால் 86. பத்துக்கும் எண்பத்தாறுக்கும் இடையில் எதுவும் இருக்கலாம் என்றால், வெளிச் சான்று இல்லாமல் அந்தத் தரவு எதையும் தீர்மானிக்காது. இதே கணக்கை 90 விழுக்காட்டினர் பதிலளித்த ஓர் ஆய்வுக்குப் போட்டால் எல்லைகளுக்கு இடையே 10 புள்ளிதான் இருக்கும். அங்கே பல முடிவுகள் தாங்கும். மூவரில் இருவர் தங்கள் விடையை மாற்றி எழுதினார்கள். ஒருவர் மாற்றவில்லை.

ஒரு மாணவி தன் ஆய்வேட்டுக்காக, விடுதி மாணவியர் நூலகத்தில் செலவிடும் நேரம் பற்றிக் கூகுள் படிவம் ஒன்றை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்து, வந்த பதில்களை வைத்து எழுதத் தொடங்கியிருந்தார். இந்த வகுப்புகளுக்குப் பிறகு, விடுதிப் பதிவேட்டை எடுத்து, பதிலளிக்காதவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, தேர்ந்தவர்களின் அறைக்கு நேரில் சென்றார். மாலையில் போனபோது பலர் இல்லை. விசாரித்ததில் அவர்கள் கடைகளிலும் டியூஷன் மையங்களிலும் பகுதி நேர வேலை பார்ப்பவர்கள் என்று தெரிந்தது. நூலகத்தில் இருக்க நேரமே இல்லாதவர்கள்தான் படிவத்தையும் நிரப்பவில்லை. ஆய்வேட்டின் தலைப்பிலிருந்த ‘விடுதி மாணவியர்’ என்ற சொல்லை அவர் ‘படிவத்துக்குப் பதிலளித்த விடுதி மாணவியர்’ என்று மாற்றினார். பகுதி நேர வேலையைப் பற்றி ஒரு தனி இயலும் சேர்ந்தது.

இனி மாற்ற வேண்டியவை

வினாவின் வாசகத்தை மாற்றிவிட்டேன். இப்போது அது, ‘இந்த வாசிப்பில் யார் யார் எந்தெந்த முடிவுகளை எடுக்கிறார்கள் என்று முதலில் பட்டியலிடுக; ஒவ்வொரு முடிவுக்கும் எந்த மாதிரி சான்றாகிறது என்று காட்டுக’ என்று தொடங்குகிறது.

அடுத்த முறை சிகாகோவின் எண்களை அத்தியாயத்துக்கு முன்பே கொடுக்கப் போகிறேன். விளக்கம் மனதில் பதிந்த பிறகு வரும் எதிர்ச் சான்றை மாணவர்கள் விதிவிலக்காக ஒதுக்கிவிடுகிறார்கள். விளக்கத்துக்கு முன்னால் பார்த்தால் அது புதிராக நிற்கும், விளக்கம் அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்த முறை அதைப் பின்னால் வைத்ததால்தான் ஒரு முழு வகுப்பு அத்தியாயத்தைக் காப்பாற்றும் வாதங்களிலேயே கழிந்தது.

தேர்வில் டைஜஸ்ட் கதையைக் கேட்பதையும் நிறுத்துகிறேன். வென்றவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கில், மாதிரியைப் பார்த்து முடிவை மதிப்பிடுகிறார்களா, முடிவைத் தெரிந்துகொண்டு மாதிரியில் குறை தேடுகிறார்களா என்று விடையிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. வரும் பருவத்துக்கு, சரியான முடிவு இன்னதென்று யாருக்கும் தெரியாத ஒரு வாசிப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பதிலளித்தோர் விகிதத்தை ஒரு வரியிலாவது குறிப்பிட்டிருப்பதாக அது இருக்க வேண்டும்.